நாடு முழுவதும் ஒரே புயலுக்குள்: கிரெனடாவும் அதன் ஜாதிக்காய் மரங்களும்

ஜாதிக்காய் பழுத்தால் மஞ்சளாகி, நடுவில் பிளந்து வாய் திறக்கும். உள்ளே கரும்பழுப்பு ஓட்டைச் சுற்றிச் சிவப்பு வலை மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும். அதுதான் ஜாதிபத்திரி. ஓட்டை உடைத்தால் கிடைக்கும் பருப்பைத்தான் நாம் கடையில் ஜாதிக்காய் என்று கேட்டு வாங்குகிறோம். நமக்கு வருவது பெரும்பாலும் கேரளத்துச் சரக்கு. ஆனால் உலகத்தில் ஒரு நாடு இந்தக் காயைத் தன் தேசியக் கொடியிலேயே வரைந்து வைத்திருக்கிறது. கரீபியன் கடலின் தென்கிழக்கு ஓரத்தில் இருக்கும் கிரெனடா.

இந்த நாட்டை முன்வைத்து ஒரு விஷயத்தை விளக்கப் பார்க்கிறேன். சின்னத் தீவு நாடுகளுக்கு மூன்று தொல்லைகள் என்பார்கள்: எல்லாம் தூரத்திலிருந்து வரவேண்டும், உள்ளூர்ச் சந்தை மிகச் சிறியது, புயல் அடிக்கடி வரும். மூன்றையும் தனித்தனியாகப் படித்தால், 'சரி, கஷ்டம்தான்' என்று தோன்றும், அவ்வளவுதான். மூன்றும் ஒரே நாளில் ஒன்றாகச் சேர்ந்து வரும்போது என்ன ஆகிறது என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

முதலில் அளவு. கிரெனடாவின் மொத்தப் பரப்பு 344 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியே 426 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல், கிட்டத்தட்ட புதுக்கோட்டை நகரத்து அளவு. இந்த ஒரு லட்சம் பேருக்குத் தனிப் பிரதமர், தனிப் பாராளுமன்றம், தனித் துறைமுகம், விமான நிலையம், மின்சார நிறுவனம் எல்லாம் உண்டு. பெரிய தீவுதான் கிரெனடா. அதற்கு வடக்கே கரியாகூ, பெட்டிட் மார்ட்டினிக் என்று இரண்டு குட்டித் தீவுகள். பெரிய தீவின் நீளம் சுமார் 34 கிலோமீட்டர், அகலம் 18. ஒரு பெரிய புயலின் பலத்த காற்று நூறு கிலோமீட்டருக்கும் மேல் பரந்திருக்கும். இந்த இரண்டு அளவுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மீதிக் கதை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

2004 செப்டம்பர் 7. ஐவன் என்ற புயல் தீவின் தெற்குக் கரையை ஒட்டிக் கடந்தது. அதற்கு முன் கிரெனடாவைப் பெரிதாக அடித்த புயல் 1955-இல் வந்த ஜேனட். நடுவில் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள். கரீபியன் புயல்கள் பெரும்பாலும் வடக்கே விலகிப் போய்விடும் என்பதால், நாம் புயல் பாதைக்கு வெளியே இருக்கிறோம் என்ற நம்பிக்கை ஒரு தலைமுறைக்கே வந்திருந்தது. ஐவன் சில மணி நேரத்தில் சுமார் 28,000 வீடுகளைச் சேதப்படுத்தியது. நாட்டில் இருந்த வீடுகளில் பத்துக்கு ஒன்பது. பிரதமர் கீத் மிட்செலின் அதிகாரபூர்வ இல்லமும் தப்பவில்லை. அப்போது அருகில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலில் உட்கார்ந்துதான் அவர் நிவாரண வேலைகளைப் பார்க்க வேண்டியிருந்தது. மொத்த இழப்பு, நாடு இரண்டு ஆண்டு உழைத்துச் சம்பாதிப்பதைவிட அதிகம் என்று கணக்கிட்டார்கள்.

இரண்டு ஆண்டு வருமானம் ஒரே நாளில் எப்படிப் போகும்? 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். நாகப்பட்டினமும் தஞ்சாவூரும் புதுக்கோட்டையும் சிதைந்தன. தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. அங்கே இழந்தவர்களின் வலி எந்தத் தீவுக்காரர் வலிக்கும் குறைந்தது இல்லை. ஆனால் அதே நாளில் கோயம்புத்தூரில் மில் ஓடியது, சென்னையில் அலுவலகங்கள் திறந்திருந்தன, வரி வசூலானது. சாய்ந்த மின்கம்பங்களை நிமிர்த்த மற்ற மாவட்டங்களிலிருந்து மின்வாரிய ஊழியர்கள் லாரியில் வந்து இறங்கினார்கள். புயலுக்கு வெளியே நிறைய மிச்சம் இருந்தது. கிரெனடாவில் ஐவன் வந்தபோது வெளியே எதுவுமே இல்லை. கம்பத்தை நிமிர்த்த வேண்டியவரின் வீட்டிலும் கூரை இல்லை, மருந்து கொடுக்க வேண்டியவரின் வீட்டிலும் இல்லை, வரி கட்ட வேண்டிய கடைக்காரரின் வீட்டிலும் இல்லை. தீவு நாட்டுக்கும் கடலோர மாநிலத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே கேள்வியில் கேட்கலாம்: புயலுக்கு வெளியே நாட்டில் என்ன மிச்சம் இருக்கிறது?

இப்போது ஒரு வீட்டுக் கூரையை எடுத்துக்கொள்வோம். ஒரு வீட்டுக்கு நாற்பது தகரத் தாள் தேவை என்று வைத்துக்கொண்டால், 28,000 வீட்டுக்குப் பதினோரு லட்சத்துக்கும் மேல் தாள் வேண்டும். இது சும்மா ஒரு மனக்கணக்குதான், ஆனாலும் அளவு புரியும். ஒரு லட்சம் பேர் இருக்கும் ஊரில் இரும்புக்கடைக்காரர் எவ்வளவு சரக்கு வைத்திருப்பார்? சாதாரண மாதத்தில் சில வீடு கட்டுவார்கள், கொஞ்சம் பழைய கூரை மாற்றுவார்கள். அதற்கு மேல் வாங்கிக் கிடங்கில் போட்டால் கடல் காற்றில் துருப்பிடிக்கும், போட்ட பணமும் முடங்கும். அவர் குறைவாக வைத்திருப்பது நியாயமான வியாபாரம்தான். சந்தை சிறியது என்றால் இதுதான் பொருள். வாங்குபவர் குறைவு என்பதோடு முடிவதில்லை. அவசரத்துக்கு எடுத்துக்கொள்ள கையிருப்பு என்று எதுவுமே இருக்காது.

மின்சாரத்திலும் இதே கதைதான். பெரிய நாட்டில் நூறு மின்நிலையம் இருந்தால், பழுதுக்கென்று சிலவற்றைச் சும்மா வைத்திருப்பது பெரிய சுமை ஆகாது. பக்கத்து மாநிலத்திலிருந்தும் கம்பி வழியாக வாங்கலாம். கடலுக்கு நடுவில் கம்பி கிடையாது. நாலு டீசல் ஜெனரேட்டர் போதுமான இடத்தில், ஒன்று பழுதாகும் நாளுக்காக ஐந்தாவதும் வாங்கி வைக்க வேண்டும். அந்தச் செலவு முழுக்க அங்கே இருக்கும் கொஞ்ச வாடிக்கையாளர் தலையில்தான். எரிக்கிற டீசலும் கப்பலில்தான் வரவேண்டும்.

அந்தத் தகரத் தாள் வருகிற வழியையும் பார்ப்போம். தூரத்தைக் கிலோமீட்டரில் மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம். மியாமியிலிருந்து கிரெனடா ஒன்றும் உலகத்தின் மறுகோடி இல்லை. ஆனால் பெரிய சரக்குக் கப்பல் ஒன்று இத்தனை சின்னத் துறைமுகத்துக்காகத் திரும்பாது. சரக்கு பெரும்பாலும் வழியில் ஒரு பெரிய துறைமுகத்தில் இறங்கி, சின்னக் கப்பலுக்கு மாறி, வாரத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ வரும் நடையில் வந்து சேரும். ஒவ்வொரு ஏற்றி இறக்கலுக்கும் கூலி உண்டு. அப்புறம் இன்னொன்று. வரும்போது நிறைந்து வருகிற கண்டெய்னர், திரும்பும்போது பெரும்பாலும் காலியாகப் போகிறது, ஏனென்றால் தீவு வாங்குவது அதிகம், விற்பது குறைவு. காலியாகப் போனாலும் கப்பலுக்கு எண்ணெய் வேண்டுமே. போகிற வாடகையையும் சேர்த்துத்தான் வருகிற சரக்கின் மேல் வைப்பார்கள். நம் ஊரில் திரும்ப லோடு கிடைக்காத இடத்துக்கு லாரிக்காரர் இருவழி வாடகை கேட்பாரே, அதேதான்.

பசிபிக் கடலில் நிலைமை இன்னும் கடுமை. கிரிபாட்டி என்ற நாட்டில் 33 தீவுகள், எல்லாம் சேர்த்து நிலம் 811 சதுர கிலோமீட்டர். அதன் தலைநகர் தாராவாவிலிருந்து அதே நாட்டின் கிரிட்டிமாட்டி தீவுக்கு சுமார் 3,300 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரைக்கும் நேர்கோட்டில் உள்ள தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம், நடுவில் முழுக்கத் தண்ணீர். ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சிமெண்ட் அனுப்புவதே அங்கே ஒரு பயணத் திட்டம்.

மறுபடி கிரெனடாவுக்கு வருவோம். கூரையை எப்படியோ போட்டுவிடலாம், ஆறு மாதமோ இரண்டு வருடமோ ஆகும். ஆனால் மரம்?

ஜாதிக்காய் கிரெனடாவுக்கு 1843-இல் வந்தது என்பார்கள். மெல்ல மெல்ல அது மலைச்சரிவு முழுக்கப் பரவி, ஐவனுக்கு முன் இந்தோனேசியாவுக்கு அடுத்தபடி உலகச் சந்தையில் இரண்டாம் இடத்தில் இந்தச் சின்ன நாடு நின்றது. குய்யாவ் என்ற கடலோர ஊரில் இருக்கும் பதப்படுத்தும் நிலையத்தை ஒரு காட்சியாகவே சொல்லலாம். விவசாயிகள் கொண்டுவரும் காயை மரத்தட்டுகளில் பரப்பி வாரக்கணக்கில் காய வைப்பார்கள். நன்றாகக் காய்ந்தால் பருப்பு ஓட்டுக்குள் ஆடும், குலுக்கினால் சத்தம் கேட்கும். பிறகு ஓட்டை உடைத்துப் பருப்பைத் தண்ணீரில் போடுவார்கள். மூழ்குவது நல்ல காய், சமையலுக்குப் போகும். மிதப்பது தரம் குறைந்தது, எண்ணெய் வடிக்கப் போகும். தரம் பிரித்துச் சாக்கில் கட்டி, எந்தத் துறைமுகத்துக்கு என்று மை போட்டு எழுதி அனுப்புவார்கள். இந்த வேலை முழுவதையும் 1947 முதல் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் நடத்துகிறது. ஆயிரக்கணக்கான சின்ன விவசாயிகளுக்கு அதுதான் வருட வருமானம். வயதானவர்களுக்கு ஓய்வூதியம் மாதிரியும் அந்த மரங்கள்தான், கீழே விழுந்த காயைப் பொறுக்கினால் போதும்.

இந்த மரத்துக்கு வேர் ஆழமாகப் போகாது. ஐவன் பத்தில் ஒன்பது மரத்தைச் சாய்த்தது அல்லது சிதைத்தது. 2005 ஜூலையில், மீண்டவர்கள் மூச்சு விடுவதற்குள், எமிலி என்ற இன்னொரு புயலும் வந்து அடித்துவிட்டுப் போனது.

சரி, மறுபடி நட வேண்டியதுதானே என்று கேட்கலாம். இங்கேதான் ஜாதிக்காய் மரத்தின் இயல்பு குறுக்கே நிற்கிறது. விதை போட்டு வளர்த்தால் முதல் பூ வர ஆறேழு வருடம் ஆகும். பூத்தபிறகுதான் அது ஆண் மரமா, பெண் மரமா என்று தெரியும். காய்ப்பது பெண் மரம் மட்டும். ஆறேழு வருடம் உரம் போட்டு, களை எடுத்து வளர்த்த மரங்களில் ஏறக்குறைய பாதி ஆண் மரமாகப் போய்விடும். மகரந்தத்துக்குச் சிலவற்றை விட்டுவிட்டு மற்றவற்றை வெட்டிப் போட வேண்டியதுதான். ஒட்டுக்கட்டிய கன்று வைத்தால் இந்தச் சூதாட்டம் இல்லை, ஆனால் அதைச் செய்யத் தெரிந்த கைகளும் நாற்றங்காலும் வேண்டும். பெண் மரமும் முழு விளைச்சலுக்கு வரப் பதினைந்து, இருபது வருடம் ஆகும். ஐவன் வந்தபோது அறுபது வயதான ஒரு விவசாயி புதிதாக நட்டால் முழு விளைச்சலை எண்பது வயதில்தான் பார்ப்பார். பலர் நடவில்லை. சிலர் மூன்று, நாலு வருடத்தில் காய்க்கும் கோகோவுக்கு மாறினார்கள், அது புத்திசாலித்தனமான முடிவு என்றே நினைக்கிறேன். விளைச்சல் பழைய அளவை எட்டவேயில்லை.

ஒரே பயிரை நம்பியது தவறு, பத்துத் தொழில் வைத்திருக்க வேண்டாமா என்று வெளியிலிருந்து சொல்வது சுலபம். ஆனால் ஒரு லட்சம் பேர் உள்ள நாட்டில் பத்து ஏற்றுமதித் தொழிலுக்கும் தனித்தனியே கிடங்கு, தரச்சோதனை, வாங்குபவர், கப்பல் இடம் என்று ஏற்படுத்த ஆளுக்கும் பணத்துக்கும் எங்கே போவது? ஒன்றிரண்டில் கவனம் வைத்தால்தான் அந்தத் தூரச் செலவையும் தாங்கி விற்க முடியும். அந்த ஒன்றிரண்டையும் ஒரே புயல் தட்டிவிட்டுப் போகும். சிறுமையும் தூரமும் சேர்ந்து நாட்டை ஒரு கூடையில் முட்டை வைக்கச் சொல்கின்றன. புயல் அந்தக் கூடையைத்தான் தேடி வருகிறது.

அடுத்து எல்லோரும் கேட்பது காப்பீடு. நாட்டுக்குள்ளேயே இருக்கும் ஒரு காப்பீட்டு நிறுவனத்தால் இந்தச் சுமையைத் தாங்க முடியாது. காப்பீடு ஓடுவதே, இந்த வருடம் உன் வீடு எரியும், அடுத்த வருடம் இன்னொருவர் வீடு எரியும், எல்லார் கட்டணத்தையும் சேர்த்து இழந்தவருக்குக் கொடுக்கலாம் என்ற கணக்கில்தான். பத்தில் ஒன்பது வீடு ஒரே நாளில் போனால் அந்தக் கணக்கே உடைந்துவிடும். ஆனால் கரீபியன் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே வருடத்தில் எல்லாத் தீவையும் ஒரே புயல் அடிப்பதில்லை. அந்த எண்ணத்தில்தான், ஐவனுக்குப் பிறகு, 2007-இல் பல அரசுகள் சேர்ந்து ஒரு பொதுக் காப்பீட்டு நிதியத்தைத் தொடங்கின. சுருக்கமாக சி.சி.ஆர்.ஐ.எஃப். உலகில் பல நாடுகள் சேர்ந்து நடத்தும் இப்படிப்பட்ட நிதியம் அதுதான் முதல்.

அது பணம் கொடுக்கும் முறை நம் பயிர்க் காப்பீட்டு அனுபவத்துக்கு நேர்மாறு. சேதத்தைப் பார்க்க அதிகாரி வரமாட்டார். புயல் எந்த வழியில் போனது, காற்று எவ்வளவு வேகம், அந்த வழியில் எவ்வளவு கட்டடம் இருக்கிறது என்று ஒரு கணினி நிரல் கணக்குப் போடும். ஒப்பந்தத்தில் எழுதிய அளவைத் தாண்டினால் 14 நாளுக்குள் பணம் அரசின் கணக்குக்கு வரும். சம்பளம் கொடுக்க, தண்ணீர் வாங்க, சாலையில் விழுந்த மரத்தை அகற்ற அந்த வேகம்தான் முக்கியம்.

இந்த மாதிரி முறையிலும் ஒரு ஓட்டை உண்டு. ஜமைக்காவின் கதையில் அது தெளிவாகத் தெரியும். அந்த நாடு 15 கோடி டாலருக்கு உலக வங்கி வழியாகப் பேரிடர்ப் பத்திரம் ஒன்று வைத்திருந்தது. புயல் மையத்தின் காற்றழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் பணம் என்பது ஒப்பந்தம். 2024 ஜூலையில் பெரில் புயல் ஜமைக்காவின் தெற்குக் கரையை அடித்துவிட்டுப் போனது. கூரைகள் பறந்தன, வயல்கள் அழிந்தன. ஆனால் அழுத்தம் அந்த அளவுக்கு இறங்கவில்லை, அந்தப் பத்திரத்திலிருந்து ஒரு டாலரும் வரவில்லை. 2025 அக்டோபரில் மெலிசா வந்தது, நேரடியாகத் தரையேறியது, 15 கோடியும் முழுதாக வந்தது. சி.சி.ஆர்.ஐ.எஃப் வேறு சுமார் 9 கோடி டாலர் கொடுத்தது. மெலிசாவின் நேரடிச் சேதம் சுமார் 880 கோடி டாலர் என்பது உலக வங்கியும் அமெரிக்க நாடுகளுக்கான வளர்ச்சி வங்கியும் சேர்ந்து போட்ட கணக்கு. வந்த இரண்டு தொகையையும் கூட்டிப் பார்த்தால் நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. முதல் சில வாரங்களைத் தாண்ட இது உதவும், கூரைக்கும் மரத்துக்கும் அல்ல.

மீதியைக் கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும். கிரெனடா ஐவனுக்குப் பிறகு கடனைக் கட்ட முடியாமல் 2005-இல் தவணைகளை மாற்றியமைத்தது, 2013-இல் மறுபடியும் தடுமாறியது. அந்த இரண்டாம் பேச்சுவார்த்தையில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். பெரிய புயல் வந்தால் தவணையைச் சில மாதம் தள்ளிப் போடலாம் என்று கடன் பத்திரத்திலேயே ஒரு புயல் விதியைச் சேர்த்தார்கள். கடன் தள்ளுபடி இல்லை, பாக்கி பின்னால் சேரும். ஆனால் கூரை போட வேண்டிய மாதத்தில் பணம் கடன்காரருக்குப் போகாது.

அந்த விதி 2024-இல் வேலைக்கு வந்தது. ஜூலை 1-ஆம் தேதி பெரில் புயல் கரியாகூ தீவில் தரையேறியது. அரை மணி நேரத்தில் கரியாகூ தரைமட்டமானது என்றார் பிரதமர் டிக்கன் மிட்செல். அங்கே கட்டடங்களில் ஏறக்குறைய எல்லாமே சேதம். சி.சி.ஆர்.ஐ.எஃப் கிரெனடாவுக்கு 4.4 கோடி டாலர் கொடுத்தது. தனியார் கடன் பத்திரக்காரர்களிடம் புயல் விதியைச் சொல்லித் தவணையை நிறுத்தி வைத்த முதல் நாடு என்று கிரெனடா பெயர் பெற்றது.

பெரிலின் நேரடிச் சேதம் நாட்டு வருமானத்தில் ஆறில் ஒரு பங்கு என்று கணக்கிட்டார்கள். ஐவனின்போது போனது நாட்டு வருமானத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். கிரெனடாவை அடித்த நேரத்தில் பெரில் ஐவனைவிட வலுவான புயல். ஆனால் பெரிய தீவின் தென்பாதி நின்றது. துறைமுகம் நின்றது, தலைநகர் செயின்ட் ஜார்ஜஸில் அரசு வேலை செய்தது, அங்கிருந்து படகில் தண்ணீரும் தார்ப்பாயும் போனது. இந்த முறை புயலுக்கு வெளியே கொஞ்சம் நாடு இருந்தது. கரியாகூவில் இருந்தவர்களுக்கு மட்டும் தூரம் இரண்டு மடங்கு. வெளிநாட்டிலிருந்து வந்த ஒவ்வொரு தகரத் தாளும் பெரிய தீவில் இறங்கி, மறுபடி படகேறித்தான் அவர்களிடம் போனது.

பெரிய தீவின் வடபகுதியும் அன்று தப்பவில்லை. ஜாதிக்காய்த் தோட்டங்கள் அங்கே நிறைய உண்டு. ஐவனுக்கு அடுத்த வருடம் அங்கே நட்ட கன்றுகளுக்கு, பெரில் வந்தபோது வயது பத்தொன்பது.